கூட்டத்தைத் துண்டு போட்டு எண்ணினால் அதற்கு என்ன பெயர்?

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். இதழியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வியாழக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். திறந்த திடலில் கூடிய கூட்டத்தைப் படத்தை வைத்துக் கணக்கிடுவது பற்றிய பாடம். ஒரு சிறு இடத்தைக் குறித்துக்கொண்டு அதிலுள்ள தலைகளை எண்ணுகிறோம். திடல் அந்த இடத்தைப்போல் எத்தனை மடங்கோ அத்தனையால் பெருக்குகிறோம். இதற்கு "மாதிரிப்பரப்புவழிக் கூட்ட எண்ணிக்கை மதிப்பீடு" என்று எழுதிப் பார்த்தேன். வாசித்து முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும். சின்னதாக ஒன்று சொல்லுங்கள்.

தியாகு:

இதற்கு ஏன் புதுச்சொல்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். 'பதக்கணிப்பு' என்று வையுங்கள். படிக்காதவருக்கும் புரியும்.

அன்வர்:

> ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்

தியாகு, சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அது மாணவர்களைத் தவறான வழியில் அனுப்பிவிடும். பானைக்குள் எல்லாச் சோறும் ஒரே கொதியில் வேகிறது, அதனால் ஒன்றைத் தொட்டால் போதும். கூட்டம் அப்படி நிற்பதில்லை. மேடையை ஒட்டி நெரிசல், நடுவில் தாராளம், கடைசியில் நான்கைந்து பேராக உதிரி.

நான் வகுப்பில் தரும் கணக்கைச் சொல்கிறேன். திடல் 120 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம், ஆக 9,600 சதுர மீட்டர். மேடையருகே 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டு ஒன்றில் 78 தலைகள். அதை மட்டும் வைத்துப் பெருக்கினால் முப்பதாயிரத்துக்குப் பக்கத்தில் வரும், மறுநாள் தலைப்புச் செய்தியும் ஆகிவிடும். இப்போது நடுவில் ஒரு துண்டு எண்ணுங்கள்: 41. பின்னால் ஒன்று: 14. நெரிசலான பகுதி 1,800 சதுர மீட்டர், நடுப்பகுதி 3,600, பின்பகுதி 4,200 என்று பிரித்துத் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டினால் 13,900 பேர்கூட இல்லை. அதே படம், அதே கூட்டம், பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு பகுதியிலும் இன்னும் இரண்டு மூன்று துண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அவை தங்களுக்குள் எவ்வளவு முரண்படுகின்றனவோ அந்த அளவுக்கு நம் விடையும் ஆடும்.

ஆகவே சொல்லில் 'ஒன்று' என்ற வாடையே வரக்கூடாது என்பது என் கட்சி.

செல்வி:

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், தமிழாசிரியை இல்லை. ஆனால் இதைத்தானே நாங்கள் தினமும் செய்கிறோம்! வெள்ளை அணுக்களை எண்ணக் கட்டம் கீறிய கண்ணாடி உண்டு. நான்கு மூலைக் கட்டங்களை எண்ணிப் பெருக்குவோம். அதற்கு முன்னால் ரத்தத்தை நன்றாகக் கலக்க வேண்டும், கலக்காமல் எண்ணினால் கணக்கு பாழ். கூட்டத்தை யாரால் கலக்க முடியும்? அன்வர் சார் சொல்வது சரிதான்.

இன்னொன்று. கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் அணுவை என்ன செய்வது? மேல்கோட்டிலும் இடக்கோட்டிலும் தொடுவதைச் சேர்ப்போம், கீழ்க்கோட்டிலும் வலக்கோட்டிலும் தொடுவதை விட்டுவிடுவோம். இல்லாவிட்டால் ஓரத்தில் நிற்பவர்கள் எல்லாரும் கணக்கில் ஏறிவிடுவார்கள். சின்னத் துண்டாக இருந்தால் பிழை இன்னும் பெரிது. நாங்கள் 'கட்டம் எண்ணுவது' என்றுதான் சொல்வோம். கட்டக்கணக்கு என்று வைக்கலாமே?

புலவர் மாணிக்கம்:

'கட்டம்' சோதிடக்காரன் வீட்டு வாசலை நினைவூட்டுகிறது, கூடவே 'கணிப்பு' சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். நல்ல தமிழ்ச்சொல் வயலிலேயே கிடக்கிறது: பாத்தி. பகு என்னும் வேரிலிருந்து பகுத்தி, அது மருவிப் பாத்தி. 'பாத்தூண்' என்று குறள் சொல்வதும் பகுத்துண்பதைத்தான். 718ஆம் குறளில் 'பாத்தியுள் நீர்சொரிந் தற்று' என்று பாத்தியே வருகிறது. பெரிய நிலத்தைப் பகுத்து, பகுத்ததை எண்ணுவதால் பாத்தியெண்ணல். பாதி, பகுதி, பாத்தியதை எல்லாம் ஒரே குடும்பம் என்பதையும் கவனிக்க.

தியாகு:

ஐயா, பாத்தியதை வடமொழியிலிருந்து வந்தது. குடும்பத்தில் சேர்க்காதீர்கள், சொத்தில் பங்கு கேட்கும்.

புலவர் மாணிக்கம்:

பாத்தியதை பற்றித் தனி இழை தொடங்குகிறேன். பாத்தி நிற்கிறது.

ரகு:

குத்துமதிப்பு என்று மக்கள் ஏற்கெனவே சொல்வது என்னவாயிற்று? மேலும், விழாவுக்கு மாலை முழுவதும் வந்துபோனவர்களின் எண்ணிக்கையை ஒரு படத்தில் எப்படிப் பிடிப்பீர்கள்? எங்கள் சங்க விழாவில் இதே தகராறுதான்.

அன்வர்:

ரகு, குத்துமதிப்பு என்பது எண்ணாமலே சொல்வது. இங்கே எண்ணிவிட்டுத்தான் பெருக்குகிறோம். உங்கள் இரண்டாவது கேள்வி வேறு கணக்கு. படம் அந்த நொடியில் நின்றவர்களை மட்டுமே காட்டும், வந்துபோனவர்களுக்கு வாசலில் எண்ண வேண்டும்.

பாத்தி எனக்குப் பிடித்துவிட்டது, வேறு காரணத்துக்காக. பாத்தி தரையில் இருப்பது, படத்தில் இல்லை. மாணவர்கள் படத்தின்மேல் ஒரே அளவுச் சதுரங்களாகக் கோடு போட்டுவிடுகிறார்கள். சாய்வாக எடுத்த படத்தில் முன்னால் ஒரு சதுரம் 5 மீட்டர் தரையைக் காட்டினால், பின்னால் அதே சதுரம் 15 மீட்டரை விழுங்கும். அங்கே தலைகளும் பொடியாகி ஒன்றையொன்று மறைக்கும். சதுரத்தைத் தரையில் போட்டுப் படத்துக்குக் கொண்டுவர வேண்டும், விளக்குக் கம்பங்களின் இடைவெளி, மேடையின் அகலம் என்று தெரிந்த நீளம் ஏதாவது வேண்டும். பெர்க்லியில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960களில் இதைத் தொடங்கியபோது, ஜன்னலுக்குக் கீழே இருந்த முற்றத்தின் தளத்திலேயே கட்டங்கள் இருந்தன. நமக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

நீளத்தில் 10 விழுக்காடு பிசகினால் பரப்பில் 20ஐ ஒட்டிப் பிசகும். துண்டையும் திடலையும் ஒரே படத்தில், ஒரே அளவுகோலால் அளந்தால் பிசகு இரண்டிலும் சமமாக ஏறி அடிபட்டுப்போகும். துண்டைப் படத்திலும் திடலை வரைபடத்திலும் அளப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

செல்வி:

எண்ணி முடித்தபின் விடை நம்பும்படி இருக்கிறதா என்று எதைக்கொண்டு பார்ப்பது?

அன்வர்:

ஜேக்கப்ஸின் அளவுகள் உதவும். ஒருவருக்குப் பத்துச் சதுர அடி கிடைத்தால் தளர்வான கூட்டம், நாலரை என்றால் நெருக்கம், இரண்டரை என்றால் உள்ளே நுழையவே முடியாத நெரிசல். என் கணக்கில் முன்வரிசையில் ஒருவருக்கு மூன்றரைச் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு, நம்பலாம். யாராவது அரைச் சதுர அடிக்கு ஒருவர் என்றால் துண்டின் அளவு தப்பு.

கயல்விழி:

நன்றி. பாத்திக்கணக்கு என்று வைக்கட்டுமா? 'கணிப்பு' வேண்டாம் என்று புலவர் ஐயா சொல்லிவிட்டார், 'மதிப்பீடு' என்றால் பிள்ளைகளுக்கு விடைத்தாள் நினைவு வருகிறது. "பகுதி பகுதியாகப் பாத்தி எடுத்து எண்ணுக" என்று விளக்கத்தில் எழுதிவிடுகிறேன்.

தியாகு:

நகரத்துப் பிள்ளை பாத்தியைக் கண்டதே இல்லை. பதக்கணிப்பை அடைப்புக்குள்ளாவது போடுங்கள்.

புலவர் மாணிக்கம்:

பாத்தியெண்ணல் என்றேன், பாத்திக்கணக்கு என்கிறீர்கள். கணக்கு அரைகுறை உடன்பாடே.

செல்வி:

கோட்டில் நிற்பவர்களைப் பற்றி ஒரு வரி சேருங்கள், எந்தப் பெயரானாலும்.

கயல்விழி:

சேர்த்துவிட்டேன், செல்வி அக்கா. பாத்திக்கணக்கு என்றே அனுப்பிவிட்டேன். தியாகு, அடைப்பில் போட இடமில்லை.