கற்பித்தல் அறிக்கையில் ஒரு பத்தி: உங்கள் கருத்தை வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இயற்பியல் பயிற்றுவிக்கும் நான், உதவிப் பேராசிரியர் பணி விண்ணப்பத்துக்கான கற்பித்தல் அறிக்கையில் ஒரு பத்தியிலேயே சிக்கி நிற்கிறேன்.

"மாணவரை மையமாகக் கொண்டு கற்பிக்கிறேன்" என்ற வரி எவருடைய விண்ணப்பத்திலும் ஒட்டும் என்பதால் அதை நீக்கிவிட்டு, வகுப்பில் நடந்த ஒன்றை எழுதினேன். மேலே எறிந்த பந்து உச்சியை எட்டும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று கேட்டபோது, 46 பேரில் 29 பேர் சுழி என்றனர். விடை சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொன்னேன். தமிழ்வழியில் வந்தவர்கள் 'முடுக்கம்' என்றும் மலையாளவழியில் வந்தவர்கள் 'த்வரணம்' என்றும் பேசிக்கொண்டிருக்க, "சுழி என்றால் பந்து அங்கேயே நின்றுவிடாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். மறுமுறை கை தூக்கியபோது சுழி என்றவர்கள் 8 பேர்தான்.

இது ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990களில் வளர்த்தெடுத்த சகமாணவர் கற்பித்தல் முறை. அவர் பெயரை முதலில் வைத்தால் நிகழ்ச்சி வெறும் விளக்கப்படம்போல் ஆகிவிடுகிறது. கடைசியில் வைத்தால் ஒட்டுப்போட்டதுபோல் தெரிகிறது. எங்கே வைக்கலாம்?

மற்றொன்று: உடனடி மாற்றம் அடுத்தவரைப் பார்த்துக் கை தூக்கியதாகவும் இருக்கலாம் என்பதால், இரண்டு வாரம் கழித்து, ஊசல்குண்டு ஓரத்தில் நிற்கும் கணத்தைப் பற்றிக் கேட்டேன், 15 பேர் மீண்டும் சுழி என்றனர். இதைச் சேர்ப்பதே நேர்மை என்று எனக்குப் படுகிறது. நண்பர் ஒருவர் வேண்டாம் என்கிறார். தேர்வுக்குழுவில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.