விசைக்கட்டா, விசைப்பிணைப்பா? bind கட்டளைக்கு ஒரு சொல்

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

டீம் ஃபோர்ட்ரெஸ் 2 விளையாட்டின் அமைவுக் கோப்புகளைக் கையால் திருத்துவது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டேன். எதற்காகச் சொல் தேடுகிறேன் என்பதைச் சொன்னால்தான் உங்களுக்கு யோசிக்க வசதியாக இருக்கும்.

இதில் பொறியாளர் என்ற வகுப்பில் ஆடும்போது, சென்ட்ரி என்ற தானியங்கித் துப்பாக்கியில் பழையதை இடித்துவிட்டு வேறு இடத்தில் புதிதாக ஒன்று கட்ட நான்கு முறை விசை அழுத்த வேண்டும். 5, 1 என்று அழுத்தினால் பழையது இடியும். 4, 1 என்று அழுத்தினால் புதியதன் வரைபடம் கைக்கு வரும். எதிரி வாசலில் நிற்கும்போது இது ரொம்ப நேரம். இந்த நான்கையும் ஒரே விசையில் வைக்க விளையாட்டின் விசைப்பலகை மெனுவில் இடமே இல்லை. ஆனால் `tf/cfg` அடைவில் `engineer.cfg` என்றொரு கோப்பை உருவாக்கி, ஒரே ஒரு வரி எழுதினால் போதும்:

```
bind "z" "destroy 2 0; build 2 0"
```

பொறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் விளையாட்டு இந்தக் கோப்பைத் தானே படித்துக்கொள்ளும். இதில் 2 என்பது சென்ட்ரியின் எண். இனி Z ஒன்றை அழுத்தினால் இடிப்பதும் கட்டுவதும் அடுத்தடுத்து நடக்கும்.

இந்த `bind` செய்யும் வேலைக்கு என்ன பெயர் வைக்கலாம்? வினையாகவும் பெயராகவும் வரவேண்டும். `unbind` என்ற எதிர்க் கட்டளைக்கும் அதே வேரிலிருந்தோ இணையாகவோ ஒரு சொல் கிடைத்தால் நல்லது.

சேரன் எழுதியது:

அக்கா, இதற்குப் புதுச் சொல் எதற்கு? "குறுக்குவிசை" ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். நகலெடுக்க, ஒட்ட நாம் அழுத்துவதெல்லாம் அதுதானே.

இன்னொன்று, தனிக் கோப்பும் தேவையில்லை. அதே அடைவில் `config.cfg` இருக்கிறது. எல்லா விசைகளும் அதில்தான் வரிசையாக எழுதியிருக்கும். Z இருக்கும் வரியைத் தேடி மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. வேண்டாமென்றால் அந்த வரியை அழித்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

நிலோஃபர் எழுதியது:

வணக்கம். எனக்கு இது பழகிய விஷயம். என் மடிக்கணினியில் Z விசை வேலை செய்வதில்லை. அதனால் இயங்குதளத்திலேயே ஒரு சிறு நிரல் போட்டு, வலது Ctrl அழுத்தினால் Z விழும்படி வைத்திருக்கிறேன். எந்த விளையாட்டைத் திறந்தாலும் அது வேலை செய்கிறது, கோப்பு எதையும் தொடவேண்டியதில்லை. இதை நான் "விசைமாற்று" என்றுதான் சொல்வேன். கயல்விழி கேட்பதும் இதுதானே?

முத்துராமன் எழுதியது:

அன்புடையீர்,

நான் இந்த விளையாட்டை ஆடியதில்லை, ஆனால் கயல்விழியின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. சேரன் சொல்லும் குறுக்குவிசை பொருந்தாது. அது நீண்ட வழி ஒன்று இருக்க, அதைச் சுருக்கித் தரும் விசை. இங்கே நாம் தேடுவது விசையின் பெயரல்ல, ஒரு விசையையும் ஒரு கட்டளையையும் சேர்த்துவைக்கும் செயலின் பெயர்.

என் பரிந்துரை: கட்டு, அவிழ். பெயராக வரும்போது விசைக்கட்டு. "Z விசையை அவிழ்த்துவிடு" என்றால் சிறு பிள்ளைக்கும் புரியும். `unbindall` என்று ஒன்று இருப்பதாக அறிகிறேன், அதற்கு "அனைத்தும் அவிழ்" என்று சொல்லலாம். வினையிலேயே எதிர்ச்சொல் இருக்கும்போது "நீக்கு" என்ற ஒட்டைத் தேடிப் போகவேண்டாம்.

தணிகை எழுதியது:

வணக்கம் ஐயா. கட்டு–அவிழ் இணை எனக்கும் மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் கயல்விழி எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டிலேயே அது இடறும். பொறியாளரின் வேலையே கட்டுவது. `build` கட்டளைக்கும் "கட்டு" என்றுதான் எழுதப்போகிறோம். "சென்ட்ரி கட்டும் கட்டளையை Z விசையில் கட்டு" என்று கையேட்டில் வந்தால், படிப்பவர் எந்தக் கட்டு எது என்று நின்று பார்க்க வேண்டியிருக்கும். கட்டுமானம் வரும் விளையாட்டு இது ஒன்று மட்டுமல்ல. அதனால் நான் பிணை, விடுவி என்று சொல்வேன். பெயர், விசைப்பிணைப்பு.

நிலோஃபர், நீங்கள் செய்வது வேறு வேலை. உங்கள் நிரல் ஒரு விசையை இன்னொரு விசையாகக் காட்டுகிறது. விளையாட்டுக்கு நீங்கள் எதை அழுத்தினீர்கள் என்று தெரியாது, Z விழுந்தது என்று மட்டும்தான் தெரியும். `bind` ஒரு விசையைக் கட்டளையோடு சேர்க்கிறது. உங்கள் Z விசையே இல்லாமல் போனாலும் `destroy 2 0` என்ற கட்டளை விளையாட்டுக்குள் இருக்கும், அதை வேறெந்த விசையிலும் வைக்கலாம். விசைமாற்று உங்கள் வேலைக்கு மிகச் சரியான சொல், அதை அதற்கே வைத்துக்கொள்வோம்.

சேரன், `config.cfg` பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. விளையாட்டு மூடியிருக்கும்போது அதைத் திருத்தினால் திருத்தம் நிற்கும். திறந்திருக்கும்போது திருத்தினால், வெளியேறும் நேரத்தில் விளையாட்டு தன் நினைவில் இருப்பதை அந்தக் கோப்பின் மேல் எழுதிவிடும், நீங்கள் எழுதியது போய்விடும். அது விளையாட்டு தனக்காக எழுதிக்கொள்ளும் கோப்பு. நாம் எழுதுவதற்கென்று இருப்பவை `autoexec.cfg`, அப்புறம் ஒவ்வொரு வகுப்புக்குமான கோப்பு. இவற்றை விளையாட்டு படிக்கும், எழுதாது.

ஆனால் இதில்தான் பெரிய சிக்கலே இருக்கிறது. `engineer.cfg`-இல் பிணைத்தது பொறியாளரோடு நிற்காது. நீங்கள் வீரர் என்ற வகுப்புக்கு மாறினாலும் Z அதே கட்டளையைத்தான் அனுப்பும். வீரரால் சென்ட்ரி கட்ட முடியாது, ஆகவே எதுவும் நடக்காது. ஆனால் Z விசையில் இயல்பாக இருந்த முதல் குரல் மெனுவும் திறக்காது. "Z செத்துவிட்டது" என்று பலர் விசைப்பலகையைச் சந்தேகிப்பது இந்த இடத்தில்தான். வெளியேறும்போது இதே பிணைப்பு `config.cfg`-இலும் பதிவாகிவிடும். அடுத்த நாள் `engineer.cfg`-ஐயே அழித்தாலும் Z பழைய நிலைக்குத் திரும்பாது. வரியை அழிப்பது வேறு, பிணைப்பை விடுவிப்பது வேறு.

இதற்கு வழக்கமான தீர்வு, `reset.cfg` என்று ஒரு கோப்பு:

```
bind "z" "voice_menu_1"
```

மற்ற எட்டு வகுப்புக் கோப்புகளிலும் `exec reset` என்ற வரியை மட்டும் எழுதுங்கள். `engineer.cfg`-இலும் முதல் வரியாக அதையே வைத்துவிட்டு, அதற்குக் கீழே சென்ட்ரி வரியை எழுதினால் குழப்பமே வராது. Z இப்போது யாரிடம் இருக்கிறது என்று பார்க்க, விளையாட்டுக்குள் கட்டளை அடிக்கும் கன்சோலைத் திறந்து `bind z` என்று மட்டும் அடியுங்கள். கட்டளை எதுவும் கொடுக்காவிட்டால், இருப்பதை அது சொல்லும்.

சேரன் எழுதியது:

தணிகை அண்ணா, செய்து பார்த்தேன். ஏழு வகுப்புகளில் Z சரியாகக் குரல் மெனுவுக்குத் திரும்புகிறது. ஹெவியில் மட்டும் இல்லை. `heavy.cfg` கோப்பில் அதே வரிதான் இருக்கிறது. எழுத்துப் பிழையும் இல்லை.

தணிகை எழுதியது:

கோப்பின் பெயர் `heavyweapons.cfg`. விளையாட்டுக்குள் அந்த வகுப்பின் பெயர் அதுதான். `demoman.cfg`-ஐயும் சுருக்கக்கூடாது.

இன்னொன்றையும் பாருங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது பெயருக்குப் பின்னால் `.txt` ஒட்டிக்கொள்ளும். கோப்புகளின் பின்னொட்டு மறைந்திருந்தால் அது கண்ணில் படாது. கன்சோலில் `exec heavyweapons` என்று அடித்தால், கோப்பைக் காணவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடும்.

முத்துராமன் எழுதியது:

கட்டு இடறும் என்ற தணிகையின் வாதத்தை ஏற்கிறேன். பிணை என்றாலே நீதிமன்றம் நினைவுக்கு வருமே என்று முதலில் தயங்கினேன். ஆனால் பிணைக்கும் விடுவிக்கும் உள்ள உறவு அங்கிருந்தே பழகியது என்பதால் அது நமக்கு உதவியாகவே இருக்கிறது.

ஒரு கேள்வி. சென்ட்ரி கட்டுவது ஒருமுறை நடந்து முடியும் செயல். சுடுவது அப்படியல்ல. விசையைப் பிடித்திருக்கும்வரை சுட்டு, விட்டதும் நிற்கவேண்டும். அதுவும் இதே பிணைப்புதானா, அதற்கு வேறு சொல் வேண்டுமா?

தணிகை எழுதியது:

நல்ல கேள்வி ஐயா. கையால் எழுதுபவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது.

சுடும் கட்டளை `+attack`. பிணைப்பு கூட்டல் குறியோடு தொடங்கினால், விசையை விட்டதும் விளையாட்டு தானாகவே `-attack` அனுப்பும். அது பார்ப்பது பிணைப்பின் முதல் எழுத்தை மட்டும்தான். ஆகவே "முதல் ஆயுதத்தை எடுத்துச் சுடு" என்று ஒருவர் இப்படி எழுதினால்:

```
bind "x" "slot1; +attack"
```

தொடக்கத்தில் இருப்பது `slot1`, கூட்டல் குறி இல்லை. X விசையை அழுத்தினால் ஆயுதம் மாறும், சுடத் தொடங்கும். விசையை விட்டால் நிற்காது, சுட்டுக்கொண்டே இருக்கும். கன்சோலில் `-attack` என்று அடித்தால் அடங்கும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இந்த ஓர் அறிகுறி போதும். திருத்தம்:

```
alias "+w1" "slot1; +attack"
alias "-w1" "-attack"
bind "x" "+w1"
```

இப்போது பிணைப்பு `+` குறியில் தொடங்குகிறது. விசையை விடும்போது `-w1` போகிறது, அதற்குள் `-attack` இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பிணைப்புகள் `config.cfg`-இல் பதிவாகும், `alias` பதிவாகாது. அது அந்த அமர்வோடு மறைந்துவிடும். முதல் இரண்டு வரிகளை வெறுமனே கன்சோலில் அடித்தவருக்கு, மறுமுறை விளையாட்டைத் திறக்கும்போது X விசை `+w1`-ஐத்தான் அனுப்பும், ஆனால் `+w1` என்றால் என்ன என்று விளையாட்டுக்குத் தெரியாது. அதனால் அந்த வரிகள் `autoexec.cfg`-இல் இருக்கவேண்டும்.

நிலோஃபர் எழுதியது:

தணிகை, வேறுபாடு இப்போது புரிகிறது. என் நிரலில் ஒரு விசையால் இரண்டு வேலை செய்ய முயன்றபோது ஏன் சரிவரவில்லை என்பதும் விளங்குகிறது. ஆனால் எனக்கு விசைமாற்றும் வேண்டும். Z இல்லாத பலகையில் கடவுச்சொல் அடிக்க விளையாட்டின் கோப்பு உதவாதே.

விசையைப் பிடித்திருக்கும்வரை இயங்கும் வகைக்கு "பிடிபிணைப்பு" எப்படி?

முத்துராமன் எழுதியது:

பிடிபிணைப்பு நன்று. ஆனால் `alias`-க்கு "மாற்றுப்பெயர்" என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றுப்பெயர் என்றால் பொருள் ஒன்று, பெயர் இரண்டு. தணிகை காட்டிய `+w1` இரண்டு கட்டளைகளைச் சேர்த்து வைத்த புதுப் பெயர். அதற்கு முன் அப்படி ஒரு பொருளே இல்லை. "தொகைப்பெயர்" என்று யோசிக்கிறேன்.

சேரன் எழுதியது:

ஐயா, ஒரே கட்டளைக்கும் `alias` வைக்கலாமே, இரண்டாவது வரியில் `-w1` அப்படித்தானே இருக்கிறது? அங்கே தொகை எங்கே?

கயல்விழி எழுதியது:

கையேட்டில் பிணை, விடுவி, விசைப்பிணைப்பு, பிடிபிணைப்பு என்று எழுதிவிடுகிறேன். நிலோஃபரின் விசைமாற்றுக்குத் தனிப் பத்தி வைக்கிறேன், இரண்டும் கலந்துவிடாமல் இருக்கும். `reset.cfg` பகுதியைச் சென்ட்ரி வரிக்கு முன்னாலேயே கொண்டுவருகிறேன். அது இல்லாமல் யாரும் முதல் பிணைப்பை எழுதவேண்டாம்.

`alias`-க்கு இப்போதைக்கு கட்டளையின் பெயரையே அப்படியே எழுதுகிறேன். சேரனின் கேள்விக்கு ஐயாவின் பதில் வந்ததும் பார்ப்போம்.