புதுப்பிப்பு: லிங்க்ட்இன் திறன்கள் 31 இருந்தன, இப்போது 9

அன்று கேட்டது: "மண்டபத்தில் நண்டு பதப்படுத்தும் ஆலையில் தரப் பரிசோதகர் நான். 31 திறன்களுக்கு யாரிடம் ஒப்புதல் கேட்பது?"

எண்ணிக்கை கூடினால் போதும் என்றார் நண்பர். 'தலைமைப் பண்பு'க்கு 14 ஒப்புதல்கள் இருந்தன; தந்த கல்லூரித் தோழர்கள் ஒருவரும் என் வேலையைப் பார்த்ததில்லை. ஏற்றுமதிப் பிரிவின் மூத்த அக்கா ஒன்றே கேட்டார்: "செய்த வேலை எது, நேரில் பார்த்தவர் யார்?" பதில் இல்லாதவற்றை நீக்கினேன்.

'நண்டு இறைச்சித் தரம்பிரித்தல்' முதலிடத்துக்கு வந்தது. விளக்கடியில் நான் ஓட்டுத் துணுக்குகளைப் பொறுக்குவதைத் தினமும் பார்த்த மேற்பார்வையாளரை முதலில் இணைப்பில் சேர்த்தேன். இணைப்பில் இல்லாதவர் ஒப்புதல் தர முடியாது. அந்த ஒரு திறனுக்கு மட்டும் கேட்டேன், தந்தார்.

கீழக்கரைத் தம்பி தன் ஓட்டுநர் உரிமத்தைச் சேர்க்கலாமா என்கிறான். அது உரிமங்கள் பகுதிக்குரியது. தினமும் தனியாக நான் செய்யும் எக்செல் வேலையைப் பார்த்தவர் இல்லை. அதை வைத்திருக்கலாமா?