டாய்லெட் ஸ்ப்ரே: வால்வைக் குறைத்தும் முதல் பீய்ச்சலில் துணி நனைகிறது, என்ன செய்வது?

செந்தூல்_கவிதா:
வணக்கம். நாங்க இருக்கிறது செந்தூல்ல 24 மாடி காண்டோ, 9ஆவது மாடி. டாய்லெட் பக்கத்துல ஸ்ப்ரே மாட்டி ஒரு மாசம் ஆகுது. ஃபிளஷ் தொட்டிக்குத் தண்ணி வர்ற ஆங்கிள் வால்வுலயே இரட்டை வால்வு போட்டு, அங்கிருந்து ஹோஸ் எடுத்திருக்காங்க. உட்கார்ந்தா அது இடது பக்கம், முதுகுக்குப் பின்னால இருக்கு. வால்வைப் பாதிக்கும் மேல மூடியாச்சு. அப்பவும் அழுத்தின உடனே ஒரு பீய்ச்சல், கோப்பையில பட்டுத் தெறிச்சு சட்டைப் பின்பக்கம், சிலுவார் எல்லாம் நனையுது. அப்புறம் தண்ணி தானா மெதுவாயிடுது. வேலைக்குக் கிளம்புற நேரத்துல பெரிய தொல்லை. ஸ்ப்ரே தலையை மாத்தணுமா?

பட்டர்வொர்த்_மணியம்:
உங்களுக்காவது தண்ணி வேகமா வருது! எங்க தாமான் வீட்டுல மாடி பாத்ரூம்ல ஸ்ப்ரே அழுத்தினா சொட்டுது. தொட்டி சீலிங்குக்கு மேலதான் இருக்கு. பம்ப் வச்சா சரியாகுமா?

ராஜன்_கெப்போங்:
வால்வை இன்னும் மூடுங்க சிஸ்டர், கால்வாசி திறந்தா போதும். எங்க வீட்டுல அப்படித்தான், ஒரு பிரச்சினையும் இல்லை.

ஆயர்ஈத்தாம்_பைப்_அங்கிள்:
ராஜன் தம்பி சொல்றது பாதி சரி. வால்வை மூடினா ஓடுற தண்ணிதான் குறையும். யாரும் அழுத்தாம ஸ்ப்ரே சும்மா தொங்குறப்போ, வால்வு ஒரு நூல் திறந்திருந்தாலும் ஹோஸுக்குள்ள மெதுவா முழு அழுத்தமும் ஏறிடும். ரப்பர் குழாய் கொஞ்சம் உப்பி நிக்கும். நீங்க அழுத்தின உடனே அந்தத் தேங்கின அழுத்தம்தான் பீய்ச்சுது. அது தீர்ந்த பிறகுதான் வால்வு விடுற அளவு வருது. முதல்ல வேகம், பிறகு மெதுவுன்னு நீங்க சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு. கடைசிவரைக்கும் ஒரே வேகமா அடிச்சாதான் வால்வு அதிகமாத் திறந்திருக்குன்னு அர்த்தம்.

தொட்டி மொட்டை மாடியில இருந்து, நடுவுல அழுத்தம் குறைக்கிற வால்வு எதுவும் இல்லைன்னா, உங்களுக்கு மேல 15 மாடி. மாடிக்கு 3 மீட்டர்னு வைங்க, 45 மீட்டர். 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பார், ஆக 4.5 பார். மணியம் வீட்டுல தொட்டி கோப்பைக்கு மேல 3 மீட்டர் இருந்தா 0.3 பார்தான். அவருக்குச் சொட்டுறதுல ஆச்சரியமில்லை. மணியம், பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்ப்ரே தலையைக் கழற்றி ஹோஸை மட்டும் வாளியில விட்டுப் பாருங்க. நல்லா ஓடினா அடைப்பு தலையில.

கவிதாம்மா, தலையை மாத்த வேண்டாம். ஹார்ட்வேர் கடையில நடுவுல சின்ன ஓட்டை வச்ச தண்ணி குறைக்கும் வாஷர் கேளுங்க. அதை ஹோஸ் சுவத்துல மாட்டுற முனையில போடாதீங்க, போட்டா வால்வைக் குறைச்ச கதைதான் திரும்பவும். ஸ்ப்ரே கைப்பிடியில மாட்டுற முனையில போடுங்க. அப்போ ஹோஸ்ல எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் அந்த ஓட்டை வழியாத்தான் வந்தாகணும். ஒரு லிட்டர் போத்தல் நிறைய 15 வினாடி ஆனா எனக்குப் போதுமானதாத் தெரியும். சிலர் இன்னும் கொஞ்சம் வேகம் கேப்பாங்க.

இன்னைக்கே செய்யக்கூடியது: முடிச்சதும் வால்வை முழுசா மூடி, தலையைக் கோப்பைக்குள்ள காட்டி ஒரு தடவை அழுத்தி ஹோஸைக் காலி பண்ணிட்டுத் தொங்கவிடுங்க. அடுத்த தடவை முதல்ல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வால்வை மெதுவாத் திறங்க. வீட்டுல ஆள் இல்லாதப்போ ஹோஸ் வெடிச்சுக் கீழ்வீட்டுக்குத் தண்ணி இறங்குற வம்பும் இருக்காது.

செந்தூல்_கவிதா:
நன்றி அங்கிள். பின்பக்கம் திரும்பி எடுக்கிறதும் ஒரு காரணமா இருக்குமா? மாமாவுக்குத் தோள் வலி, அவருக்கு எட்டவே மாட்டேங்குது.

ஆயர்ஈத்தாம்_பைப்_அங்கிள்:
நிச்சயமா. முதுகுப் பக்கத்துல இருந்து இழுக்கிறப்போ தலை எந்தப் பக்கம் பார்க்குதுன்னே தெரியாது, அதுக்குள்ள விரல் அழுத்திடும். வால்வு அங்கேயே இருக்கட்டும். ஹோஸை மட்டும் 1.5 மீட்டரா வாங்கி, தொட்டிக்குக் கீழ பின்பக்கமாக் கொண்டுவந்து, கொக்கியை வலது சுவத்துல அடிங்க. அளவுநாடா வேண்டாம். மாமாவை உட்காரவச்சு வலது கையை இயல்பா நீட்டச் சொல்லுங்க. உள்ளங்கை படுற இடத்துல பென்சில் கோடு போடுங்க, ரொம்பப் பேருக்கு அது தொடைக்கு நேரா, தரையில இருந்து 60, 70 சென்டிமீட்டர்ல வரும். ஸ்ப்ரேயைத் தலை தரையைப் பார்க்கிற மாதிரி தொங்கவிடுங்க, மிச்சச் சொட்டு துணியில விழாது. பிடிக்கிறப்போ கிட்டக்க, சாய்வா. நேரா கோப்பைத் தண்ணியில அடிச்சா எப்படியும் தெறிக்கும்.

ராஜன்_கெப்போங்:
அங்கிள், தினமும் வால்வைத் திருகினா அதோட வாஷர் சீக்கிரம் தேயாதா?

ஆயர்ஈத்தாம்_பைப்_அங்கிள்:
தேயும் தம்பி. தேய்ஞ்சா வால்வை மாத்துற செலவு சின்னது, கீழ்வீட்டு சீலிங் செலவு பெரிசு.

செந்தூல்_கவிதா:
கைப்பிடி முனையில வாஷர் போட்டாச்சு. பீய்ச்சல் நின்னுடுச்சு. ஆனா தண்ணி பத்தலைன்னு மாமியார் சொல்றாங்க. ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கலாமான்னு பார்க்கிறேன். வலது சுவத்துல துளை போட மேனேஜ்மென்ட்கிட்ட கேட்டிருக்கேன், உள்ள பைப் எங்க போகுதுன்னு அவங்க இன்னும் சொல்லலை. ஒட்டுற கொக்கி யாராவது வச்சுப் பார்த்திருக்கீங்களா, ஈரத்துல நிக்குதா?

பட்டர்வொர்த்_மணியம்:
அங்கிள் சொன்ன மாதிரி தலையைக் கழற்றிப் பார்த்தேன். ஹோஸ்லயும் சொட்டுதான். அப்போ பம்ப்தானா?