பில் சரிபார்ப்புப் படத்தை எண்ணிட்ட படிகளாக எழுதுவதில் ஓர் ஐயம்

அனைவருக்கும் வணக்கம். விற்பனையாளரின் பில்லைக் கொள்முதல் ஆணையோடும் சரக்கு வரவுச் சீட்டோடும் ஒப்பிட்டுப் பணம் வழங்கும் முறையைக் காட்டும் பாய்வுப்பட ஸ்லைடு ஒன்றை, எண்ணிட்ட படிகளாக எழுதி வருகிறேன். ஒவ்வொரு சாய்சதுரத்தையும் ஒரு கேள்வியாக்கி, அதிலிருந்து கிளம்பும் ஒவ்வோர் அம்புக்கும் ஒரு வரி கொடுத்துள்ளேன்:

4. பில்லில் உள்ள அளவு வரவுச் சீட்டோடு ஒத்துள்ளதா?
4அ. ஆம் எனில், படி 5-க்குச் செல்க.
4ஆ. பில்லில் கூடுதலாக இருந்தால், பில்லை நிறுத்திவைத்துக் கிடங்கிடம் விளக்கம் பெற்று, படி 4-ஐ மீண்டும் செய்க.

அம்புகளை வரிகளோடு ஒப்பிட்டபோது, பில்லில் அளவு குறைவாக இருந்தால் என்ன செய்வது என்பதற்குப் படத்திலேயே வழி இல்லை என்பது தெரிந்தது. அதை நானாக நிரப்பாமல், கணக்குப் பிரிவின் முடிவுக்கெனக் குறித்துள்ளேன்.

எனக்குத் தெளிவு வேண்டியது வேறோர் இடத்தில். 'ஆணை ரத்தானால் பில்லைத் திருப்பி அனுப்புக' என்னும் பெட்டி எந்தச் சாய்சதுரத்தோடும் இணையாமல், படி 2 முதல் 6 வரை சூழ்ந்துள்ள புள்ளிக்கோட்டிலிருந்து கிளம்புகிறது. ஒவ்வொரு படியிலும் அதைத் திரும்ப எழுதினால் படிப்பவர் சலித்துத் தாண்டிவிடுவார். கடைசியில் வைத்தாலோ, படி 3-இல் நிற்பவரின் கண்ணில் படாது. படி 2-க்கு முன்பே பொது விதிவிலக்காக வைக்கலாமா? அவ்வாறு எழுதியவர்கள், பணம் வழங்கும் படியில் மட்டும் அதை மீண்டும் நினைவூட்டினீர்களா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.