புதுப்பிப்பு: ஏற்காடு காப்பித்தூள் விளம்பரம், 60 நாளுக்குப் பிறகு

ஃபேஸ்புக் விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று முன்பு நான் கேட்டிருந்தேன்: நம் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுத்து அவர்களைப் போன்றவர்களைத் தேடும் லுக்அலைக்கா, விருப்பங்களை வைத்து ஆள் தேடும் இன்ட்ரஸ்டா, எது நல்ல வாடிக்கையாளரைக் கொண்டுவரும்?

சரி, ஒரே விளம்பரத்தை A/B Test-இல் இரண்டுக்கும் தலா 7,000 ரூபாய் வைத்து ஓட்டினேன், அதனால் ஒரே ஆள் இரண்டிலும் வரவில்லை. இன்ட்ரஸ்டில் 50 ஆர்டர், லுக்அலைக்கில் 37. அங்கேயே நிறுத்தியிருந்தால் தப்பாக முடிவெடுத்திருப்பேன், ஏனென்றால் மறுபடி வாங்கியவர்கள் இன்ட்ரஸ்டில் 6 பேர், லுக்அலைக்கில் 13 பேர்.

"லுக்அலைக்குக்குக் கொடுக்கும் பட்டியலில் 100 பேர் போதும்" என்று தம்பி சொன்னது பாதி சரி, எண்ணிக்கையோடு அவர்கள் யார் என்பதும் முக்கியம். விசாரித்தவர்களையும் சேர்த்தபோது விசாரிப்பவர்களே வந்தார்கள். செவ்வாய்ப்பேட்டை அண்ணன் சொன்னபடி, இரண்டு முறையாவது வாங்கியவர்களை மட்டும் வைத்த பிறகுதான் இந்தப் பலன்.

பட்டுப்புடவை விற்கும் அக்கா, பட்டு வாங்கியவர் மறுபடி வாங்க வர நாளாகும், அதனால் உங்களுக்கு 60 நாள் போதாது. தீபாவளிவரை பார்த்தாலும் தெரியுமா, எனக்குச் சந்தேகம்தான்.