கலைச்சொல் வேண்டும்: கோரோப்ளெத், ப்ரொப்போர்ஷனல் சிம்பல் மேப்

நித்யா:
எல்லாருக்கும் வணக்கம். மாவட்டவாரித் தரவுகளை நிலப்படமாக்குவது பற்றி ஒரு கையேடு தயாராகிறது. அதில் ஓர் அத்தியாயம் முழுக்க மருத்துவமனைப் படுக்கைகள்தான். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒன்று கோரோப்ளெத்: மாவட்டத்தின் பரப்பு முழுவதையும் மதிப்புக்கு ஏற்ப வெளிறிய நிறத்திலோ அடர்ந்த நிறத்திலோ நிரப்புவது. இன்னொன்று ப்ரொப்போர்ஷனல் சிம்பல் மேப்: மாவட்டத்துக்கு ஒரு வட்டம் வைத்து, மதிப்பு கூடக் கூட வட்டத்தைப் பெரிதாக்குவது. இப்போதைக்கு ‘நிழற்படம்’, ‘விகிதக் குறியீட்டுப் படம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டுமே மனசுக்கு ஒட்டவில்லை.

முரளி:
நிழற்படம் என்றால் யாரும் ஃபோட்டோ என்றுதான் நினைப்பார்கள். அதை விட்டுவிடுங்கள். கோரோப்ளெத்தில் இருப்பது குளோரோஃபில்லில் வரும் அதே ‘குளோரோ’, அதாவது பச்சை நிறம். அதனால் ‘நிறப்படம்’ போதும். விகிதக் குறியீட்டுப் படம் மூலத்துக்கு நேரான சொல், அதை மாற்ற வேண்டாம். கூடவே ஒன்று: படுக்கை எண்ணிக்கையை அப்படியே நிறமாகத் தீட்டக்கூடாது. மாவட்டத்தின் சதுர கிலோமீட்டரால் வகுத்துவிட்டுத் தீட்டினால் பிரச்சினை தீர்ந்தது.

செல்வராஜ்:
முரளி, வேர்ச்சொல் அது இல்லை. கிரேக்கத்தில் இடத்தைக் குறிக்கும் சொல்லையும் திரளைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து 1938-இல் ஜான் கர்ட்லண்ட் ரைட் வைத்த பெயர் இது. நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் எண்ணிக்கையைத் தீட்டக்கூடாது என்று நீங்கள் சொன்னது சரி. ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் பெயர் வைப்பதும் எளிதாகும்.

ஒரு கணக்குக்காக, தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் ஆயிரம் பேருக்குச் சரியாக 2 படுக்கை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது கற்பனைதான், உண்மை நிலவரம் இல்லை. 2011 மக்கள்தொகைப்படி சென்னையில் 46.47 லட்சம் பேர், அப்படியானால் 9,293 படுக்கை. திண்டுக்கல்லில் 21.6 லட்சம் பேருக்கு 4,320. நீலகிரியில் 7.35 லட்சம் பேருக்கு 1,471. யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த எண்ணிக்கையை நிறமாகத் தீட்டிப் பாருங்கள். சென்னை கருஞ்சிவப்பு, திண்டுக்கல் நடுத்தரச் சிவப்பு, நீலகிரி வெளுப்பு. படத்தைப் பார்க்கிறவர் “ஐயோ, நீலகிரியைக் கைவிட்டுவிட்டார்களே” என்பார். நாம் தீட்டியது மக்கள்தொகைப் படம், அதற்குப் படுக்கை என்று தலைப்புப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

பரப்பு இன்னொரு கோளாறு செய்யும். அந்த 2011 எல்லைப்படி சென்னை சுமார் 175 சதுர கிலோமீட்டர், திண்டுக்கல் 6,200-க்கு மேல். 25 லட்சத்தில் ஒன்று என்ற அளவையில் அச்சிட்டால் தாளில் சென்னைக்குக் கிடைப்பது 28 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம்கூட இல்லை. திண்டுக்கல்லுக்கு ஏறக்குறைய 1,000. படுக்கை பாதிக்கும் குறைவாக உள்ள மாவட்டம் தாளில் முப்பத்தைந்து மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கண் அங்கேதான் போகும்.

சதுர கிலோமீட்டரால் வகுப்பது பற்றி: அப்படி வகுத்தால் வருவது அடர்த்தி. அதை நிறமாகத் தீட்டலாம், தப்பில்லை. ஆனால் அது வேறு கேள்விக்குப் பதில். படுக்கை மனிதருக்கு வேண்டியது, நிலத்துக்கு இல்லை. கேள்வி “ஆளுக்கு எவ்வளவு” என்றால் மக்கள்தொகையால் வகுத்துத் தீட்டுங்கள். “மொத்தம் எத்தனை, எங்கே இருக்கின்றன” என்றால் வகுக்கவே வேண்டாம், வட்டம் போடுங்கள்.

இப்போது ‘விகிதக் குறியீட்டுப் படம்’ என்ற பெயருக்கு வாருங்கள். இறப்பு விகிதம், பாலின விகிதம் என்று படித்துப் பழகியவர் இந்தப் பெயரைப் பார்த்ததும் விகிதங்களைக் காட்டும் படம் என்றுதான் எடுத்துக்கொள்வார். இது எண்ணிக்கைக்கான படம். விகிதத்துக்கான படம் அந்த இன்னொன்று. பெயரே ஆளைத் தவறான பக்கம் தள்ளிவிடும்.

ரேவதி:
நான் மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கிறேன், நிலப்படம் வரைகிறவள் இல்லை. அதனால் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். எந்தப் படுக்கையை எண்ணுகிறீர்கள்? அனுமதிக்கப்பட்ட படுக்கை ஒரு கணக்கு, ஆள் இருந்து ஓடுகிற படுக்கை ஒரு கணக்கு. தீவிர சிகிச்சைப் படுக்கையைத் தனியாக எண்ணுவோம். இதற்கெல்லாம் தமிழ்ச்சொல் முடிவு செய்ய வேண்டும் என்றால் நான் உதவுகிறேன்.

இன்னொன்று. ஆயிரம் பேருக்கு இத்தனை என்கிறீர்களே, எந்த ஆயிரம் பேர்? எங்கள் வார்டில் படுத்திருப்பவர்களில் பாதிப்பேர் பக்கத்து மாவட்டம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் நாலைந்து மாவட்டத்திலிருந்து அனுப்பி வைப்பார்கள். எங்கள் மாவட்டத்து மக்கள்தொகையால் மட்டும் வகுத்தால் எங்களிடம் படுக்கை கொட்டிக் கிடப்பதுபோல் காட்டும். கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

செல்வராஜ்:
ரேவதி அம்மா, நாங்கள் கேட்டது படத்தின் பெயரை. ஆனால் இரண்டாவதாகச் சொன்னீர்களே, அது முக்கியமான விஷயம். ஆயிரம் பேருக்கு என்று வகுக்கும்போது, மாவட்ட எல்லையைத் தாண்டி யாரும் வைத்தியத்துக்குப் போவதில்லை என்று நாம் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுகிறது. சென்னையின் பெரிய மருத்துவமனைகளுக்குத் திருவள்ளூர், செங்கல்பட்டுக்காரர்கள் வராமலா இருக்கிறார்கள்? வட்டம் அந்த உறுதிமொழி எதையும் தருவதில்லை. இங்கே இத்தனை இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அனுமதியா, பயன்பாட்டில் உள்ளதா என்பதைப் படத்தின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும், நித்யா.

சிவகௌரி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், புவியியல் படிப்பிக்கிறேன். செல்வராஜ் ஐயா சொன்ன குழப்பம் எங்கட பிள்ளைகளுக்கு அவ்வளவாக வராது. இங்கே இறப்பு வீதம், பிறப்பு வீதம் என்றுதான் எழுதுவோம். விகிதம் என்றால் இரண்டு எண்களின் ஒப்பீடு. ஆகவே நிறம் தீட்டும் படத்துக்கு ‘வீத நிறப்படம்’ என்று வைக்கலாமே? பெயரிலேயே எதற்கானது என்று விளங்கும்.

பரப்புச் சிக்கல் இங்கேயும் அப்படியேதான். முல்லைத்தீவு பரப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். 2012 கணக்கெடுப்பில் அங்கே ஒரு லட்சம் பேர்கூட இல்லை, யாழ்ப்பாணத்தில் ஐந்தே முக்கால் லட்சத்துக்கு மேல். எந்த எண்ணிக்கையைத் தீட்டினாலும் வன்னிதான் படத்தை நிறைக்கும்.

முரளி:
வேர்ச்சொல் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி ஐயா. ஆனால் ‘வீத நிறப்படம்’ எனக்கு ஒத்துவரவில்லை. நாளைக்கு ஒருவர் எண்ணிக்கையைத் தீட்டி ஒரு படம் வெளியிடுவார். “இந்தக் கோரோப்ளெத் தவறு” என்று எழுத வேண்டும். அப்போது அதை வீத நிறப்படம் என்று எப்படிச் சொல்வது? அதில்தான் வீதமே இல்லையே. எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பதைப் பெயர் சொன்னால் போதும், எதற்கு வரைய வேண்டும் என்பதைக் கையேடு சொல்லட்டும். நிறப்படம் என்பதும் மண்வகைப் படம், கட்சிவாரித் தொகுதிப் படம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும், ஒத்துக்கொள்கிறேன். ‘நிறச்செறிவுப் படம்’ என்றால்? ஒரே நிறம் செறிந்தும் வெளிறியும் வருவதைச் சொல்கிறது.

நித்யா:
நிறச்செறிவுப் படம் நன்றாக இருக்கிறது. இன்னொன்றுக்கு ‘அளவு வட்டப் படம்’ என்று போடலாமா?

செல்வராஜ்:
வட்டம் வேண்டாம். வட்டாட்சியர், வட்ட மருத்துவமனை என்று புழங்குகிற ஊரில் ‘மாவட்ட வாரியான வட்டப் படம்’ என்று எழுதினால் தாலுகா வாரியான படம் என்று படிப்பார்கள். தவிர, சதுரமோ படுக்கைச் சின்னமோ வைத்தும் இதே படத்தை வரையலாம். 1837-இல் அயர்லாந்தின் ரயில்பாதை ஆணையத்துக்காக ஹென்றி ஹார்னஸ் நகர மக்கள்தொகையை வட்டங்களாகக் காட்டினார். அதனால் வட்டம்தான் வழக்கம், ஆனால் கட்டாயம் இல்லை. ‘அளவுக்குறிப் படம்’ என்பது என் பரிந்துரை.

‘அளவு’ என்ற சொல் இதில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அடிக்கடி நடக்கும் தவறு, எண்ணிக்கைக்கு ஏற்ப விட்டத்தைக் கூட்டுவது. மேலே சொன்ன கணக்கில் சென்னைக்கு 16 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்தால், நீலகிரிக்கு நேர்கணக்கில் 2.5 மில்லிமீட்டர் வரும். படுக்கையில் வித்தியாசம் 6.3 மடங்கு, தாளில் வட்டப் பரப்பின் வித்தியாசமோ 40 மடங்கு. பரப்புத்தான் எண்ணிக்கையோடு சேர்ந்து வளர வேண்டும், ஆகவே விட்டத்துக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். QGIS-இல் குறியின் அளவுக்கு இப்படிக் கொடுத்தால் போதும்:

```
16 * sqrt("beds" / 9293)
```

நீலகிரிக்கு 6.4, திண்டுக்கல்லுக்கு 10.9 வரும். தவறாக வரைந்த படத்தைக் கண்டுபிடிக்கக் குறிவிளக்கத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். மதிப்பு நாலு மடங்காகும் இடத்தில் விட்டம் இரண்டு மடங்காக வேண்டும். நாலு மடங்காகியிருந்தால் படம் பொய் சொல்கிறது.

முரளி:
அதே மென்பொருளில் ஃபிளானரி என்று ஒரு தேர்வு இருக்கிறதே. பெரிய வட்டத்தைக் கண் சிறிதாகவே எடைபோடும், அதனால் அடுக்கு 0.5-க்குப் பதில் 0.57 வைக்க வேண்டும் என்பது ஜேம்ஸ் ஃபிளானரியின் திருத்தம். கையேட்டில் அதைத்தானே சொல்ல வேண்டும்?

செல்வராஜ்:
நான் வைப்பதில்லை. அதில் நீலகிரி 6.4-இலிருந்து 5.6-க்கு இறங்கும். அது பல பேரின் கண்மதிப்பின் சராசரி, ஆளுக்கு ஆள் மாறும். குறிவிளக்கத்தில் 1,000, 4,000, 9,000 என்று மூன்று வட்டம் கொடுத்தால் வாசகரே ஒப்பிட்டுக்கொள்வார். திருத்தம்தான் நல்லது என்று சொல்லும் வரைபடக்காரர்களும் உண்டு. நித்யா இரண்டையும் குறிப்பிடலாம்.

வட்டத்துக்கும் குறை உண்டு, அதையும் எழுதுங்கள். 16 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு 201 சதுர மில்லிமீட்டர். சென்னைக்குத் தாளில் இருந்த இடம் 28. ஆக வட்டம் சென்னையைத் தாண்டி அண்டை மாவட்டங்கள் மேல் போய் உட்காரும். சின்ன வட்டங்கள் மேலே வரும்படி அடுக்க வேண்டும், உள்நிறத்தைப் பாதி ஒளிபுகவிட வேண்டும், விளிம்புக்கு வெள்ளைக் கோடு போட வேண்டும். அப்படியும் நெருக்கமென்றால் சென்னைப் பக்கத்துக்குத் தனியாக ஒரு பெரிதாக்கிய கட்டம்.

ரேவதி:
வட்டத்தின் அளவு மொத்தப் படுக்கை, வட்டத்துக்குள் நிறம் ஆயிரம் பேருக்கு எத்தனை என்று இரண்டையும் சேர்த்துக் காட்ட முடியாதா? எங்கள் கூட்டங்களில் இரண்டு எண்ணையும்தான் கேட்கிறார்கள்.

செல்வராஜ்:
முடியும், செய்கிறார்கள். சின்ன வட்டத்துக்குள் நிறத்தை வேறுபடுத்துவது கடினம். மூன்று நிறப்படிக்கு மேல் போகாதீர்கள்.

சிவகௌரி:
அப்ப அந்தப் படத்துக்குப் பெயர் என்ன? அளவும் நிறமும் இரண்டும் இருக்கே. ‘குறி’ என்பதும் எனக்குத் தயக்கம், வகுப்பில் பெடியள் சிரிப்பினம். ‘அளவுக்குறியீட்டுப் படம்’ என்றால் ஓரெழுத்து இரண்டெழுத்து கூடினாலும் பரவாயில்லை. ஆனால் நிறம் தீட்டும் படத்துக்கு வீத நிறப்படம் என்பதை நான் விடவில்லை, முரளி. 1826-இல் சார்ல் டூபேன் பிரான்சுக்கு வரைந்த முதல் படமே எத்தனை பேருக்கு ஒரு மாணவன் என்ற கணக்கைக் காட்டியதுதான். தொடக்கத்திலிருந்தே அது வீதத்துக்கான படம்.

நித்யா:
இந்த அச்சுக்கு ‘நிறச்செறிவு நிலப்படம்’, ‘அளவுக்குறியீட்டு நிலப்படம்’ என்று போடுகிறேன். ‘வரைபடம்’ என்றால் கிராஃபும் ஆகிவிடுகிறது, அதனால் நிலப்படம். சொல்லடைவில் வீத நிறப்படம் மாற்றுச்சொல்லாக இருக்கும். எல்லா மாவட்டத்துக்கும் ஆயிரத்துக்கு 2 என்ற செல்வராஜ் ஐயாவின் கணக்கை அத்தியாயத்தின் முதல் பயிற்சியாக வைக்கிறேன். சேர்த்துக் காட்டும் மூன்றாவது படத்துக்குப் பெயர் இன்னும் இல்லை. யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.